திறந்த புத்தகத் தேர்வு: அரசியலமைப்பு

தாராவி ஞாயிறு வாசிப்பு வகுப்பு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு.
நேரம்: காலை 10 முதல் 1 வரை. மதிப்பெண்: எழுத்து 80, நேர்முகம் 20.

மாணவர்களுக்கு:

அரசியலமைப்புப் புத்தகம், குறிப்பேடு, கைப்பேசி எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடவும் தடை இல்லை. தேவையான தீர்ப்புகளின் சாரத்தை நானே கீழே கொடுத்திருக்கிறேன். பிரிவு 19 என்ன சொல்கிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது; அது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பிரிவு இந்த வழக்கில் யாரைக் காரணம் சொல்ல வைக்கிறது, அவர் சொல்லும் காரணம் போதுமா என்பதற்குத்தான் மதிப்பெண். ஒவ்வொரு வாதத்துக்கும் பக்கத்தில், எந்த ஆவணத்தின் எந்த வரியிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிக்க வேண்டும். இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்கே உறுதியான விடை இல்லை. எனவே என் கருத்து எதுவாக இருக்கும் என்று ஊகித்து எழுத வேண்டாம்.

பகுதி 1: முத்துலட்சுமியின் பாத்திரம் (40 மதிப்பெண்)

நகரம், ஆட்கள், ஆணை எல்லாம் கற்பனை.

ஆவணம் அ. மாநகராட்சி ஆணை, மார்ச் 11, காலை 11 மணிக்குக் கையெழுத்தானது. "நிலையச் சாலை நடைபாதையில் அடுப்பு மூட்டிச் சமைப்பதற்குத் தடை. இம்மாநிலத்தில் தொடர்ந்து 10 ஆண்டுகள் வசித்தவர்களுக்கு மட்டுமே இச்சாலையில் விற்பனை அனுமதி. குடியிருப்போர் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று இவ்வாணை பிறப்பிக்கப்படுகிறது. உடனடியாக அமலுக்கு வரும்."

ஆவணம் ஆ. பறிமுதல் ரசீது, மார்ச் 11, காலை 6.40. "அலுமினியப் பாத்திரம் 1, தட்டு 3, மண்ணெண்ணெய் அடுப்பு 1. காரணம்: நடைபாதையில் சமையல்."

ஆவணம் இ. முத்துலட்சுமியின் வாக்குமூலம். "சங்கரன்கோவிலில் பிறந்தேன். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டிலேயே இட்லி அவித்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவருகிறேன். அடுப்பு சாம்பார் ஆறாமல் இருக்க மட்டும்தான். அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாத்திரத்தில் இருந்த நாற்பது இட்லியும் ரசீதில் இல்லை."

ஆவணம் ஈ. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கடிதம், மார்ச் 3. "நடைபாதையின் அகலம் இரண்டு மீட்டர்தான். சைக்கிள்கள் பாதியை அடைத்துவிடுவதால் பள்ளிப் பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு சிறுமியின் கால் முறிந்தது." சங்கத்தின் வாசலில் ஒரு பலகை இருப்பதாகவும் கடிதத்தின் கடைசி வரி சொல்கிறது: "தென்னிந்திய உணவு விற்போர் உள்ளே வரக் கூடாது."

ஆவணம் உ. பக்கத்தில் வடாபாவ் விற்பவரின் வாக்குமூலம். "நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். இருபது வருடம் சூரத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பினேன். எனக்கும் அனுமதி இல்லை என்கிறார்கள்."

தீர்ப்புகளின் சாரம்:

ஓல்கா டெல்லிஸ் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம், பிரிவு 21 தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. நடைபாதைவாசிகளை அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. பொதுவாக அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்றது. மழைக்காலத்தை ஒட்டி அக்டோபர் 31 வரை அகற்றுவதைத் தள்ளிவைத்தது. சோதன் சிங் வழக்கு (1989): தெருவில் விற்பது பிரிவு 19 தரும் தொழில் உரிமைக்குள் வரும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிலையாக அமரும் உரிமை யாருக்கும் இல்லை. டி.பி. ஜோஷி வழக்கு (1955): பிறந்த இடமும் வசிக்கும் இடமும் ஒன்றல்ல, பிரிவு 15 தடுப்பது பிறந்த இடத்தை வைத்துக் காட்டும் பாகுபாட்டை. பார்சிகளின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கு (2005): ஒரு சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் கூட்டுறவுச் சங்கத் துணைவிதி செல்லும்.

கேள்விகள்

1அ. ஆவணங்கள் அ, ஆ, இ மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எந்தப் பிரிவையும் சொல்லாமல், பறிமுதலில் உள்ள குறைகளை மட்டும் எழுதுங்கள். (8)

1ஆ. "ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பின்படி முத்துலட்சுமியை அகற்ற முடியாது" என்று உங்கள் நண்பர் எழுதிவிட்டார். அதே தீர்ப்பில் அவருக்கு எதிராக நிற்பது எது? நடைபாதையில் குடியிருப்பவரின் நிலையும் இட்லி விற்பவரின் நிலையும் எங்கே பிரிகின்றன? அந்த வேறுபாடு முத்துலட்சுமிக்குச் சாதகமா, பாதகமா? (12)

1இ. பத்து ஆண்டு நிபந்தனையை பிரிவு 15-ஐக் கொண்டு எதிர்க்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை ஆவணம் உ-வை வைத்து இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு பிரிவு 14-ஐயும் 19-ஐயும் கொண்டு எதிர்த்து எழுதுங்கள். மாநகராட்சியின் நோக்கம் சிறுமியின் பாதுகாப்பு என்றால், வசிப்பிட ஆண்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (10)

1ஈ. வாசல் பலகைக்கு எதிராக முத்துலட்சுமி அடிப்படை உரிமையைக் கோர முடியுமா? சங்கத்தின் வேண்டுகோளை ஆணையே குறிப்பிடுவதால் ஏதாவது மாறுகிறதா? செயலாளரின் இடத்தில் நின்று, அவர் உண்மையிலேயே ஒப்புக்கொள்ளும்படி அவர் தரப்பை முதலில் எழுதுங்கள். (10)

பகுதி 2: ஒரே படிவம், இரண்டு ஊர் (20 மதிப்பெண்)

மும்பையில் தமிழர் அறக்கட்டளை ஒன்று பள்ளி நடத்துகிறது. ஆசிரியர் சம்பளம் அரசு உதவியில் வருகிறது. சேர்க்கைப் படிவத்தில் "மொழிச் சிறுபான்மை நிறுவனம், தாய்மொழி தமிழ் அல்லாதவருக்கு இடமில்லை" என்று அச்சிட்டு, அதே படிவத்தைச் சென்னைக் கிளைக்கும் அனுப்பிவிட்டது. மொழிச் சிறுபான்மையை மாநிலத்தை அலகாகக் கொண்டே பார்க்க வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிவு 29(2), 30(1) இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் செல்லும்படி படிவத்தின் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். மும்பைப் பள்ளி நாளை அரசு உதவியை விட்டுவிட்டால் உங்கள் திருத்தத்தில் எந்தச் சொல் மாறும்?

பகுதி 3: உங்கள் தெரு (20 மதிப்பெண்)

சென்ற மாதம் உங்கள் தெரு நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிய குறிப்பைப் பயன்படுத்துங்கள். அன்று நீங்கள் பார்த்தவர்களில் நடக்க இடம் தேவைப்பட்ட ஒருவரையும் பிழைக்க இடம் தேவைப்பட்ட ஒருவரையும் எடுத்துக்கொண்டு, இருவருக்கும் பொருந்தும் மூன்று வரி விதி ஒன்றை இயற்றுங்கள். அதில் பிரிவு 19(6) கேட்கும் "நியாயமான கட்டுப்பாடு" எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். பிறகு உங்கள் விதியால் முதலில் பாதிக்கப்படப்போவது யார் என்று பெயர் சொல்லாமல் எழுதுங்கள்.

நேர்முகம் (20 மதிப்பெண்)

அடுத்த ஞாயிறு ஒவ்வொருவருடனும் ஐந்து நிமிடம் பேசுவேன். உங்கள் விடைத்தாளிலிருந்தே ஒரு விவரத்தை மாற்றிக் கேட்பேன்: நடைபாதை ஆறு மீட்டர் என்றால்? அடுப்பில் சாம்பாரை மட்டும் சூடாக்காமல் தோசையும் வார்த்திருந்தால்? முடிவு மாறினாலும் மாறாவிட்டாலும் காரணம் சொல்ல வேண்டும்.

திருத்தும் ஆசிரியர்களுக்கு (மாணவர்களிடம் தர வேண்டாம்)

பறிமுதல் 6.40-க்கு நடந்தது, ஆணையில் கையெழுத்து 11 மணிக்கு. இதைக் கவனித்தவருக்கு 1அ-வில் நான்கு மதிப்பெண் உடனே கொடுங்கள். சாம்பாரைச் சூடாக்குவது "சமைப்பது" ஆகுமா என்று கேட்டவருக்கு இரண்டு. இட்லி ரசீதில் இல்லாததைக் காட்டியவருக்கு ஒன்று. யாரும் விசாரிக்கவில்லை என்பதைச் சுட்டியவருக்கு ஒன்று. முத்துலட்சுமி தோற்பார் என்று முடிக்கும் தாளும் முழு மதிப்பெண் பெறலாம். அவர் தமிழர் என்பதால் ஜெயிக்க வேண்டும் என்ற தொனியில் மட்டும் எழுதியிருந்தால் 1ஈ-யில் பாதிக்குமேல் தர வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் கடினம், அதனால்தான் செயலாளரின் தரப்பை முதலில் எழுதச் சொன்னேன். அவர் கடிதத்தில் உள்ள கால் முறிந்த சிறுமியைக் குறிப்பிடாத விடை முழுமையாகாது.

இரண்டு தாள்கள் வரிக்கு வரி ஒத்திருந்தால் எழுத்துத் தேர்வில் குறைக்காதீர்கள். நேர்முகத்தில் இருவருக்கும் வெவ்வேறு விவரத்தை மாற்றிக் கேளுங்கள். பகுதி 3 விடையில் சொல்லும் ஆட்கள், கையெழுத்திட்ட குறிப்பில் இல்லை என்றால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். இதை மாணவர்களிடம் முன்பே சொல்லியாகிவிட்டது.