மஞ்சளும் ஊதாக் கோவாவும்: தரம் 10 விடுமுறைச் செயற்றிட்டத்துக்கான யோசனைகள்

அன்பு மாணவர்களே, இந்த விடுமுறையில் அமிலம், மூலம் பற்றிய செயற்றிட்டம் ஒன்றைச் செய்யப்போகிறீர்கள். பாசிச்சாயத் தாள் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். மட்டக்களப்பில் எந்த அடுப்படியிலும் இருக்கும் மஞ்சள்தூளே நல்ல காட்டி. ஆனால் "நிறம் மாறியது" என்று எழுதிப் படம் ஒட்டிக் கொண்டுவரும் கொப்பிகள் எனக்குப் போதாது. நீங்கள் கேட்ட கேள்வி என்ன, எதை அளந்தீர்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவே இருக்கும். pH 8 ஐத் தாண்டும்போது செங்கபிலமாகும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டால் கறை சிவப்பதும், ஆலாத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் நீர் சிவப்பதும் இதனால்தான். ஆகவே மஞ்சள் மூலத்தை மட்டுமே காட்டும். தேசிக்காய்ச் சாற்றையும் கிணற்று நீரையும் அதனால் பிரித்தறிய முடியாது. இந்த எல்லையை உங்கள் அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

மஞ்சள் தாள் செய்ய, ஒரு தேக்கரண்டித் தூளை அரைக் கோப்பைச் சுடுநீரில் கரைத்து வடித்து, வெள்ளைத் தாள் கீற்றுகளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறம் வெளுத்துவிடும். தாளை வெயிலிலும் அலுமாரியிலும் வைத்து எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்று ஒப்பிடுவதே தனிச் செயற்றிட்டமாகலாம்.

நான் மிகவும் விரும்புவது தயிர்ச் செயற்றிட்டம். நம் ஊர் எருமைத் தயிர் வெளியே வைத்தால் எவ்வளவு வேகமாகப் புளிக்கிறது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எவ்வளவு தாமதமாகிறது? தயிர் புளிக்கக் காரணம் பற்றீரியாக்கள் உண்டாக்கும் இலக்றிக் அமிலம். ஒரே சட்டித் தயிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெளியிலும் மற்றதை உள்ளேயும் வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், மேலே ஊறி நிற்கும் தெளிநீரில் பத்துத் துளியை இரண்டு மேசைக்கரண்டி நீரில் விட்டு, சில துளி மஞ்சள் கரைசல் சேருங்கள். பிறகு தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விட்டுக் கலக்குங்கள். சிவப்பு மறையாமல் நிற்கும்வரை எத்தனை துளி சென்றது என்று எண்ணுங்கள். அமிலம் கூடக் கூடத் துளிகளும் கூடும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை செய்து சராசரி எடுத்து, நாளுக்கு எதிராகத் துளி எண்ணிக்கையை வரைபாக வரையுங்கள். துளிவிடும் குழாய் இடையில் மாறக்கூடாது. மாறினால் துளியின் பருமனும் மாறும். சுண்ணாம்பு நீர்ப் போத்தலை இறுக மூடுங்கள், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அதன் வலிமையைக் குறைத்துவிடும்.

இதே முறையில் தேசிக்காய், வினாகிரி, பழப்புளிக் கரைசல் மூன்றில் எதில் அமிலம் கூட என்றும் ஒப்பிடலாம். இவை தயிரைவிட மிக வலியவை என்பதால் பத்துத் துளிக்குப் பதில் ஒரே துளி போதும்.

ஊதாக் கோவா மலைநாட்டிலிருந்து வருவது, நம் சந்தையில் விலை கூட. முழுக் கோவா வேண்டாம், நான்கைந்து இலை போதும். நறுக்கிச் சுடுநீரில் கால் மணிநேரம் ஊறவிட்டு வடித்தால் ஊதாச் சாறு கிடைக்கும். இதிலுள்ள அந்தோசயனின் வலிய அமிலத்தில் சிவப்பாகவும், மென்னமிலத்தில் இளஞ்சிவப்பாகவும், நடுநிலையில் ஊதாவாகவும், அப்பச்சோடாவில் நீலமாகவும், அதைவிட வலிய மூலத்தில் பச்சையாகவும் மாறும். வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் வரிசையாக வைத்து உங்களுக்கென ஒரு நிற அளவுகோலை உருவாக்குங்கள். சாறு ஓரிரு நாளில் கெட்டு நாறும். தேவையான அளவு மட்டும் செய்யுங்கள்.

கோவா வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவும் நீலக் காக்கணம்பூவும் இதே வேலையைச் செய்யும். இரண்டில் எது அதிக நிறங்களைக் காட்டுகிறது என்று கேட்டாலே நல்ல ஆய்வுக் கேள்வி. இதற்குப் புள்ளி ஒன்றும் குறையாது.

வாவி நீர், கிணற்று நீர், வயல் மண் கரைசல் ஆகியவற்றைச் சோதிக்கச் சிலர் ஆசைப்படுவீர்கள். செய்யலாம், ஆனால் இவை பெரும்பாலும் நடுநிலைக்கு அருகிலேயே இருக்கும். வீட்டுக் காட்டி காட்டும் வேறுபாடு மிகச் சிறியது. வாவிக்கரைக்குத் தனியே போகவும் வேண்டாம்.

பாதுகாப்பு விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலசலகூடம் கழுவும் திரவம், பற்றரி அமிலம், வெளிற்றும் திரவம் மூன்றையும் தொடக்கூடாது. வெளிற்றும் திரவத்தில் வினாகிரி பட்டால் நச்சுக் குளோரீன் வாயு வெளிவரும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைக் கரைத்துத் தெளிய வைக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சோதித்த எதையும் வாயில் வைக்காதீர்கள், தயிரையும்தான்.

அறிக்கை ஆறு பக்கத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். கேள்வி, கருதுகோள், செய்முறை, அட்டவணை, வரைபு, முடிவு ஆகியவற்றுடன், எதிர்பார்த்தது நடக்காத இடங்களையும் எழுதுங்கள். காய்ந்த மஞ்சள் தாள் கீற்று இரண்டைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, பாடசாலை தொடங்கும் முதல் திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் ஒப்படையுங்கள்.