யாழினிக்காக ஒரு பரிந்துரைக் கடிதம்

குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்
12.6.2024

சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் பல்கலைக்கழகத்தில் இளநிலை இயற்பியலுக்கு விண்ணப்பித்திருக்கும் யாழினிக்கு, பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு ஆண்டும் இயற்பியல் நடத்தியவன் நான். அந்தப் பாடத்தில் அவர் 100க்கு 94 வாங்கியிருக்கிறார். அதைவிடக் கூடுதலாக வாங்கியவர்கள் வகுப்பில் இருவர் உண்டு. இருந்தும் யாழினிக்கு எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

பிளஸ் 1 செய்முறை வகுப்பில் தனி ஊசல். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். அதனால் எல்லார் பதிவேட்டிலும் 9.8 வந்துவிடும். (எங்களுக்கும் இது தெரியாததல்ல.) யாழினி 9.6 என்று எழுதி நீட்டினார். "அலைவைச் சரியாக எண்ணினாயா?" என்றேன். "மூணு தடவை எண்ணினேன் சார், இதுதான் வருது."

மறுநாள் மதிய இடைவேளையில் பதிவேட்டோடு வந்து நின்றார். குண்டின் மையம் வரை அளக்காமல், நூலை மட்டும் 50 செ.மீ. என்று அளந்திருக்கிறார். குண்டின் ஆரம் 1 செ.மீ. அதையும் சேர்த்தால் 9.8 வருகிறது. பழைய 9.6ஐ அழிக்கவில்லை; பக்கத்திலேயே பிழை எங்கே என்று எழுதியிருந்தார். இருபது ஆண்டாகப் பதிவேடு திருத்துகிறேன், அப்படி ஒரு பக்கத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

அவருடைய பெற்றோர் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார்கள். மாலையில் தார் சுற்றிக் கொடுத்த பிறகுதான் இவர் புத்தகத்தைத் தொடுவார். வீட்டுப்பாடம் தாமதமான நாளில்கூட இதைக் காரணமாகச் சொன்னதில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவர் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் படித்தவர். ஆங்கிலத்தில் வாசித்துப் புரிந்துகொள்வார், பேசத் தயங்குவார். முதல் பருவத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம்; பாடம் புரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கரும்பலகைக்குக் கூப்பிடுங்கள். சாக்பீஸ் கைக்கு வந்தால் தயக்கம் போய்விடும்.

இவரை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். எதுவும் கேட்க வேண்டுமானால் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரா. மாணிக்கம்
முதுகலை ஆசிரியர் (இயற்பியல்)

மொழிபெயர்ப்பவருக்கு: ஆங்கிலத்தில் கொண்டுபோகும்போது "தலைசிறந்த", "அபாரமான" என்றெல்லாம் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். "94", "இருவர் உண்டு" இரண்டும் அப்படியே இருக்கட்டும். தார் சுற்றுவது என்றால் நாடாவில் வைக்கும் சிறு குழலில் நூல் சுற்றுவது. சாலை போடும் தாராக்கிவிடாதீர்கள். அப்புறம், "மூணு தடவை எண்ணினேன் சார்" என்பதில் அந்தப் பிள்ளை பணிவாகத்தான் சொன்னது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தொனி ஆங்கிலத்திலும் கேட்க வேண்டும்.