ஊர்க்குளத்தின் பரப்பு–கொள்ளளவு அட்டவணை: அளவெடுப்பு, கணக்கு, சரிபார்ப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தில் 3 ஏக்கர் 30 சென்ட் நீர்ப்பரப்புள்ள ஓர் ஊர்க்குளத்தில் எந்த மட்டத்தில் எவ்வளவு பரப்பு, எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் அட்டவணை இது. ஒரு மடை, ஒரு கலிங்கு, நடுவில் சித்திரையிலும் வற்றாத ஒரு பள்ளம், மேற்கே எப்போதோ மண் அள்ளிய குழி ஒன்று. எண்களோடு அவை வந்த வழியையும் எழுதியிருக்கிறோம். வழி தெரியாத அட்டவணையை அடுத்து வருபவர் திருத்த முடியாது.

மட்டம் எங்கிருந்து தொடங்குகிறது

மடைச்சுவரின் மேல்தளத்தில் உளியால் வெட்டிய குறியே பெஞ்ச் மார்க், எல்லா உயரங்களையும் அதிலிருந்தே கணக்கிடுகிறோம். அதற்கு 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். கடல்மட்டத்தோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் குறி அசையாத கட்டுமானத்தில் இருக்க வேண்டும். மரவேரில் அடித்த ஆணி இரண்டு மழைக்குள் நகர்ந்துவிடும்.

மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை நிறுத்தி, பெஞ்ச் மார்க்கில் அளவு குறித்த கோலான ஸ்டாஃப் வைத்தால் ரீடிங் 1.245. கருவி மட்டம் 101.245. கலிங்கு முகட்டில் ரீடிங் 1.745, மடையின் அடிமட்டத்தில் 3.845. ஆக, கலிங்கு 99.500, மடை அடி 97.400.

கலிங்கு முகட்டில் ஒரே இடத்தில் ஸ்டாஃப் வைத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். மீட்டருக்கு ஒன்றாக எடுத்ததில் ஒரு முனை 99.540 என்றும் நடுவில் பூச்சு பெயர்ந்த இடம் 99.500 என்றும் வந்தது. தண்ணீர் எங்கே முதலில் வழிகிறதோ அதுதான் முழு நீர்மட்டம். இங்கே 5 செ.மீ. பிசகினால் கொள்ளளவில் 667 கன மீட்டர் பிசகும், மடைக்குக் கீழே தேங்கி நிற்கும் மொத்தத் தண்ணீரே அவ்வளவு இல்லை.

லெவலைக் குளத்தைச் சுற்றி 600 மீட்டர் கொண்டுபோய் மீண்டும் பெஞ்ச் மார்க்கில் முடித்தோம். பிழை 6 மி.மீ. கி.மீ. கணக்கில் தூரத்தின் வர்க்கமூலத்தை 12-ஆல் பெருக்கினால் வரும் மி.மீ. அளவே அனுமதி, இங்கே 9 மி.மீ. அதற்கு மேல் வந்திருந்தால் பிழையைப் பங்குபோட்டுச் சரிக்கட்டாமல் மறுபடி சுற்றியிருக்க வேண்டும்.

காய்ந்த பகுதி

கரையை ஒட்டி 140 மீட்டர் அடிக்கோடு. அதிலிருந்து 10 மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒரு ரீடிங். 15 கோடுகளில் 300-க்கும் சற்று அதிகமான புள்ளிகள். இவை போக, சரிவு உடையும் இடமெல்லாம் தனிப்புள்ளி: கரையின் உள்ளடி, வரத்துக்கால் வாய், குழியின் விளிம்பு, குழியின் அடி. கட்டத்தை மட்டும் நம்பினால் 5 மீட்டருக்குள் ஒளிந்துகொள்ளும் பள்ளம் வரைபடத்திலேயே வராது.

கலிங்கு மட்டத்தோடு நிறுத்தாமல் 100.00 வரை ஏறி எடுத்தோம். தட்டையான நீர்பிடிப்பு ஓரத்தில் அரை மீட்டர் உயரத்துக்குள் தண்ணீர் வெகுதூரம் பரவும். 99.50 கோட்டுக்கு வெளியேயும் புள்ளி இருந்தால்தான் அந்தக் கோட்டை ஊகிக்காமல் வரைய முடியும். கரையின் தாழ்ந்த இடம் 100.42, கலிங்குக்கு மேல் 92 செ.மீ. இருக்கிறது.

தண்ணீர் நிற்கும் பகுதி

அளந்த அன்று காலை ஓரத்தில் முளை அடித்து எடுத்த நீர்மட்டம் 97.860, மாலையில் 97.850. ஒவ்வொரு ஆழ ரீடிங்குக்கும் நேரத்தைக் குறித்து, அந்த நேரத்து நீர்மட்டத்திலிருந்து கழித்தோம். காலையில் 0.94 ஆழம் என்றால் தரை 96.92. மிக ஆழமான இடம் 1.26, அதன் தரை 96.60.

ஆழம் அளந்தது செ.மீ. குறித்த இரும்புக் குழாயால். கயிறும் கல்லும் இந்த வேலைக்கு ஆகாது: தெப்பம் நகரும்போது கயிறு சாயும், ஆழம் கூடுதலாகவே விழும். குழாயின் அடியில் 15 செ.மீ. விட்டமுள்ள தகடு பற்றவைத்திருக்க வேண்டும். தகடு இல்லாத குழாய் அதே இடத்தில் 1.61 காட்டியது. வித்தியாசம் 35 செ.மீ., அத்தனையும் இளகிய வண்டல். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருக்கிறது. இன்றைய கொள்ளளவுக்குத் தகடு காட்டும் எண். தூர்வாரினால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கக் குழாய் காட்டும் எண். இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதிவையுங்கள். ஒன்றோடொன்று கலந்த ஃபீல்ட் புக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

நீரின் ஓரத்தில் முளை அடித்துக்கொண்டே ஒரு சுற்று நடந்து அந்தக் கோட்டையும் அளந்தோம். அன்றைய நீர்விளிம்பு, குளமே வரைந்து கொடுக்கும் காண்டூர், அதாவது ஒரே மட்டத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு. காய்ந்த பகுதியையும் நீர்ப்பகுதியையும் தைக்கும் தையல் அது. கணக்கு முடிந்தபின் அட்டவணையைச் சோதிக்கவும் உதவும்.

காண்டூரும் பரப்பும்

அரை மீட்டருக்கு ஒரு கோடு. 5 மீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகள் 97.86, 98.22 என்றால், 98.00 கோடு முதல் புள்ளியிலிருந்து 0.14 ÷ 0.36 × 5 = 1.94 மீட்டரில் போகும். 1:500 அளவில் வரைந்தால் ஒரு சதுர செ.மீ. 25 ச.மீ. கிராஃப் தாளில் கட்டம் எண்ணியே பரப்பு எடுக்கலாம். இருமுறை எண்ணி, வித்தியாசம் 2 சதத்துக்குள் வந்தால் சராசரி. வராவிட்டால் மூன்றாம் முறை.

97.50 கோடு இந்தக் குளத்தில் இரண்டு வளையமாக வருகிறது: நடுப்பள்ளம் 2,420 ச.மீ., மேற்குக் குழி 440 ச.மீ. இரண்டையும் கூட்ட வேண்டும். பெரிய வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடக்கும் தவறு. இதற்கு நேர்மாறானது திட்டு: நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் திட்டின் வளையத்தைக் கழிக்க வேண்டும்.

குழியின் அடி 97.12. ஆகவே 97.00–97.50 அடுக்கில் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டால் 773 க.மீ. வரும், கூட்டிய பரப்பில் போட்டால் 809. மொத்தக் கொள்ளளவில் இந்த 36 க.மீ. என்பது 0.2 சதம் என்பதால் கூட்டியே போட்டிருக்கிறோம். குழி இன்னும் பெரிதாக இருந்திருந்தால் அதற்குத் தனி அட்டவணை போட்டிருப்போம். குழிக்கும் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள மேடு 97.62, அதற்குக் கீழே போனால் குழித் தண்ணீர் மடைக்கு வராது.

கொள்ளளவு

இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட அடுக்குக்குக் கூம்புத்துண்டுச் சூத்திரம்: V = h/3 × (A1 + A2 + √(A1 × A2)). விரிதாளில் A நெடுவரிசையில் மட்டம், B-யில் பரப்பு, C-யில் கூடிவரும் கொள்ளளவு. C2-இல் 0 போட்டு, C3-இல்:

```
=C2+(A3-A2)/3*(B2+B3+SQRT(B2*B3))
```

| மட்டம் (மீ) | பரப்பு (ச.மீ) | அடுக்கு (க.மீ) | மொத்தம் (க.மீ) |
|---|---|---|---|
| 96.60 | 0 | – | 0 |
| 97.00 | 640 | 85 | 85 |
| 97.50 | 2,860 | 809 | 894 |
| 98.00 | 6,150 | 2,201 | 3,095 |
| 98.50 | 9,420 | 3,864 | 6,958 |
| 99.00 | 11,780 | 5,289 | 12,247 |
| 99.50 | 13,350 | 6,278 | 18,526 |

(கூட்டல் தசமத்தோடு நடந்தது; முழு எண்ணாக்கியது கடைசியில். அதனால் ஒன்று முன்பின் தெரியும்.)

முழுக் கொள்ளளவு 18,526 க.மீ., அதாவது சுமார் 6.54 லட்சம் கன அடி. மடை அடியான 97.40-க்குக் கீழே 637 க.மீ. தேங்கும், மடைக்கு மேல் 17,889.

இரு பரப்புகளின் சராசரியை உயரத்தால் பெருக்கும் எளிய வழி பலருக்கும் பழக்கம். மேல் அடுக்கில் அது 6,283 தரும், 4 க.மீ. மட்டுமே கூடுதல். ஆனால் 97.00–97.50 அடுக்கில் 809-க்குப் பதில் 875. அடிப்பள்ளத்தில் 85-க்குப் பதில் 128. பரப்பு சட்டென்று விரியும் இடத்தில்தான் அந்த வழி ஏமாற்றும். கோடையில், ஆட்டுமாட்டுக்கு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கும்போது கைகொடுக்க வேண்டியவை இந்த அடிவரிசை எண்கள்தாம்.

10 செ.மீ. அட்டவணை

நீர்மட்டம் படிக்கும் அளவுகோலின் பூஜ்யத்தை மடை அடியில், 97.40-இல் வைத்தோம். இடைமட்டங்களுக்குப் பரப்பை நேர்கோட்டில் பங்கிடாமல் பரப்பின் வர்க்கமூலத்தைப் பங்கிட வேண்டும். அப்போதுதான் மேலே சொன்ன சூத்திரத்தோடு பொருந்தும். நடு அடுக்கு இப்படி வருகிறது:

| அளவுகோல் (மீ) | மட்டம் (மீ) | பரப்பு (ச.மீ) | கொள்ளளவு (க.மீ) |
|---|---|---|---|
| 0.60 | 98.00 | 6,150 | 3,095 |
| 0.70 | 98.10 | 6,748 | 3,739 |
| 0.80 | 98.20 | 7,375 | 4,445 |
| 0.90 | 98.30 | 8,029 | 5,215 |
| 1.00 | 98.40 | 8,710 | 6,052 |
| 1.10 | 98.50 | 9,420 | 6,958 |

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஒரு சோதனை: அடுத்தடுத்த இரு கொள்ளளவுகளின் வித்தியாசத்தை 0.10-ஆல் வகுத்தால், விடை அந்த இரு பரப்புகளுக்கு நடுவே விழ வேண்டும். 5,215-க்கும் 6,052-க்கும் வித்தியாசம் 837, வகுத்தால் 8,370. 8,029-க்கும் 8,710-க்கும் நடுவில் இருக்கிறது, சரி.

அடுத்தது முளை அடித்து நடந்த நீர்விளிம்பு. அதன் பரப்பு 5,190 ச.மீ. 97.86 மட்டத்துக்கு இந்த அட்டவணை தரும் பரப்பு 5,103. வித்தியாசம் 1.7 சதம், ஏற்கத்தக்கது. 5 சதத்துக்கு மேல் போயிருந்தால் முதலில் நீர்மட்ட ரீடிங்கைச் சந்தேகிக்க வேண்டும்; காய்ந்த பகுதியும் நீர்ப்பகுதியும் ஒரே பெஞ்ச் மார்க்கில் சேராததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அளவுகோலைப் படிப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது: கலிங்கு வழியும்போது அளவுகோல் 2.10. பாதியான 1.05-இல் குளத்தில் இருப்பது சுமார் 6,500 க.மீ., முழுக் கொள்ளளவில் 35 சதம். ‘பாதிக் குளம்’ என்று கணக்குப் பார்த்து மடை திறந்தால் பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் தீர்ந்துபோகும்.

அட்டவணையின் தலைப்பில் அளவெடுத்த மாதமும் ஆண்டும், பெஞ்ச் மார்க் இருக்கும் இடமும், பூஜ்யத்தின் மட்டமும் இருக்க வேண்டும். தூர்வாரினாலோ, வண்டல் அள்ளினாலோ, கலிங்கு முகட்டைப் பூசினாலோ இந்த எண்கள் செல்லாது. பூச்சு பெயர்ந்த 99.500-ஐச் சுற்றியுள்ள 99.540-க்கு உயர்த்திப் பூசினால் முழு நீர்மட்டமும் 4 செ.மீ. ஏறும். பூசிய மறுநாளே முகடு நெடுக ஸ்டாஃப் வைத்துப் பார்த்து, கடைசி வரிசையைத் திருத்தி எழுதுங்கள்.