பத்தாவது ஆவணி

இன்றோடு எங்களுக்குக் கல்யாணமாகிப் 10 வருடம். 2015 ஆவணியில் பத்திரகாளி அம்பாள் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், "அடுத்த ஆவணிக்குள்ள ஒரு பேரனைத் தூக்கவேணும்" என்று பெரியம்மா வாழ்த்தினார். நாங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம்.

முதல் இரண்டு வருடம் பெரிதாகக் கவலைப்படவில்லை. அப்புறம் பரிசோதனைகள் தொடங்கின. குறை இரண்டு பேரிடமும் இருந்தது. ஆனால் "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வி என்னிடம் மட்டுமே வந்தது. ஒரு வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் போயிருந்தோம். குழந்தை கைக்குக் கை மாறி வந்தது, என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் போனது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நிலாவெளியில் சீதனமாக வந்த காணித் துண்டை விற்றுக் கொழும்பில் இரண்டு தடவை ஐ.வி.எஃப். செய்தோம். நாள் தவறாமல் வயிற்றில் ஊசி. கரு வைத்த பிறகு இரண்டு கிழமை, இருமினாலே பயம். இரண்டாவது இரத்தப் பரிசோதனையும் இல்லை என்று வந்த அன்று இரவு ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். அவர் கல்ஓயா வரைக்கும் பெட்டிக் கதவடியிலேயே நின்றார். என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

இனி அவர் எழுதுகிறார்.

நான் அங்கே நின்றது அழுவதற்கு. முன்னால் இருந்து அழுதால் அவள் உடைந்துபோவாள் என்று பயந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு பேரும் தனித்தனியாகவே துக்கப்பட்டோம். பிள்ளை இல்லாததை விட அதுதான் எங்களை அதிகம் வாட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குச் சொல்லாமல் கோணேசர் கோயில் மரத்தில் ஒரு சின்னத் தொட்டில் கட்டிவிட்டு வந்தேன். இரவு சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்னேன். "என்னப்பா, என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்றாள். அன்றுதான் ரயிலைப் பற்றியும் கதைத்தோம். விடிய மூன்று மணியாகிவிட்டது.

மூன்றாவது தடவைக்குப் போகவில்லை. அவள் உடம்பு இனித் தாங்காது என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. இந்த வைகாசியில் தத்தெடுக்க நன்னடத்தை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முடிவு நீதிமன்றத்தின் கையில். பள்ளிக்கூடம் விடும் நேரம் வீதியில் போகும்போது இப்போதும் நெஞ்சு கனக்கும். ஆனால் இப்போது அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

"ஆரோ பெத்த பிள்ளை" என்று முதலில் முகத்தைத் திருப்பிய மாமி, போன கிழமை தன் பழைய நூல் சேலை ஒன்றைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டோம்.

"ஏணை கட்ட வேண்டாமோ?" என்றார்.