வாசிகசாலைக் கூரைக்கான விளையாட்டு இரவு: செயற்குழுவுக்கான திட்டம்

அன்பான அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

மழை பெய்தால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஒதுங்குகிறார்கள். கூரைத் தகரத்துக்கும் கூலிக்கும் 30,000 ரூபாய் வேண்டும். 14ஆம் திகதி சனிக்கிழமை, பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மண்டபத்தில் மாலை 4.30க்குத் தொடங்கி 8 மணிக்கு முடிப்போம். மறுநாள் வேலை இல்லை. ஆனாலும் பனி இறங்குவதற்குள் எல்லோரும் லயத்துக்குப் போய்விட வேண்டும்.

16 அணி, அணிக்கு ஆறு பேர். ஆறில் இரண்டு பேர் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள், இரண்டு பேர் பெண்கள், ஒருவர் ஐம்பது தாண்டியவர். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போன தடவை இளைஞர்கள் மட்டும் ஆடினார்கள், அம்மாக்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேக்கணக்கு, கீழ்க்கணக்கு ஆட்களும் ஒரே அணியில் கலந்து வந்தால் இன்னும் நல்லது.

அணி டிக்கட் 1,800, தனி ஆளுக்கு 300. தனியாக வருபவர்களை நாமே அணியில் சேர்ப்போம். பார்வையாளருக்கு 150. எல்லா டிக்கட்டிலும் ரொட்டி, சம்பல், தேத்தண்ணி உண்டு. பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். காசை 10ஆம் திகதி சம்பளத்துக்குப் பிறகு வாங்கினால் போதும். 16 அணியும் நிறைந்தால் 28,800. 60 பார்வையாளர் வந்தால் 9,000. வடைக் கடையில் 3,000 கிடைக்கும். சாப்பாட்டுக்கும் பரிசுக்கும் 10,800 போனால் மிச்சம் சரியாக 30,000.

முதலில் வினாடி வினா, பத்துக் கேள்வி, ஒன்றுக்கு ஒரு புள்ளி. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டவர் யார் என்பது போல, பாதிக் கேள்வியாவது நம் மண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். அடுத்து கேரம். நாலு பலகைதான் இருக்கிறது, ஒரு தடவைக்கு எட்டு அணி, இருபது நிமிடம். போட்ட காய்க்கு ஒன்று, ராணிக்கு மூன்று. மற்ற எட்டு அணியும் அந்த நேரத்தில் இரண்டு மூலைகளில் ஊமைச் சாடை ஆடும்: மூன்று நிமிடத்தில் ஐந்து சொல், சொல்லுக்கு இரண்டு புள்ளி. அப்புறம் இடம் மாறிக்கொள்ளலாம். கடைசியில் பாட்டுக்குப் பாட்டு, பத்துப் புள்ளியில் தொடங்கி, தடுமாறும் ஒவ்வொரு தடவையும் இரண்டு குறையும்.

ஒவ்வொரு அணிக்கும் ஓர் இரட்டை அட்டை இலவசம். ஒரு சுற்று தொடங்குமுன் காட்டினால் அந்தச் சுற்றின் புள்ளி இரட்டிப்பாகும். காசுக்குப் புள்ளி விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். கையில் காசு இல்லாத அணி தோற்கவே வந்தது போல ஆகிவிடும்.

புள்ளியை இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கரும்பலகையில் போட வேண்டும். சமநிலை வந்தால் ஒரே கேள்வி: பிதுருதலாகலையின் உயரம் எத்தனை மீற்றர்? 2,524க்குக் கிட்ட எழுதிய அணிக்கு வெற்றி. இந்தக் கேள்வி நம் குழுவைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

டிக்கட் புத்தகம் என்னிடம் இருக்கிறது, ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.