துண்டு விழுந்த கணக்கு

பாத்திரங்கள்: சோடியம், குளோரின், ஹைட்ரஜன் இருவர், நியான், திரைக்குப் பின்னால் ஃபுளூரின்.

சட்டையில் ஒட்டிய வட்டத் தாள்கள்தான் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். சோடியத்துக்கு 1, குளோரினுக்கு 7, ஹைட்ரஜன்களுக்கு ஆளுக்கு 1, நியானுக்கு 8. நியான் மட்டும் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சோடியம்: குளோரின், எங்கிட்ட வெளிக்கூட்டுல ஒண்ணே ஒண்ணு இருக்கு. எடுத்துக்கிறியா?

குளோரின்: எனக்கு ஒண்ணுதான் குறையுது. கொடு, கொடு!

நியான்: நில்லுங்கப்பா! சோடியம், அதைப் பிரிச்செடுக்க என்ன செலவு?

சோடியம்: மோலுக்கு 496 கிலோஜூல்.

நியான்: குளோரின் வாங்கிக்கிட்டா எவ்வளவு வெளியாகும்?

குளோரின்: 349.

நியான்: 147 துண்டு விழுதே! நஷ்டத்துக்கு யாராவது வியாபாரம் பண்ணுவாங்களா?

சோடியம்: அதான் சொல்றேன். கொடுக்கணும்னு எனக்கொண்ணும் ஆசை இல்ல. கொடுத்த பிறகு என்ன நடக்குதுன்னு பாரு.

(தாளைப் பிய்த்துக் குளோரின் சட்டையில் ஒட்டுகிறது. ஒன்று Na⁺ அட்டையையும் மற்றது Cl⁻ அட்டையையும் தூக்கிக் காட்ட, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன.)

குளோரின்: நாங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல. உப்புப் படிகத்துல ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுத்தியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுத்தியும் ஆறு சோடியம். இந்த அயனிகள் சேர்ந்து படிகமாகும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளியாகுது!

நியான்: அட, துண்டு விழுந்ததை அடைச்சும் மிச்சம் நிக்குதே.

ஹைட்ரஜன் 1: எங்க ரெண்டு பேர்ல யார் கொடுக்கிறது? ரெண்டு பேருக்கும் ஒரே இழுப்பு.

ஹைட்ரஜன் 2: பங்கு போட்டுக்கலாம். கிட்ட வா.

(நடிப்பவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது, நாடகத்தின் உயிரே இதுதான். இருவரும் அடிமேல் அடி வைத்து நெருங்குகிறார்கள். நெருங்க நெருங்க முகத்தில் நிம்மதி. அதையும் தாண்டி ஒட்டியதும் இருவரும் துள்ளிப் பின்வாங்குகிறார்கள்.)

ஹைட்ரஜன் 1: ஐயோ, உன் கரு என் கருவைத் தள்ளுது!

ஹைட்ரஜன் 2: ரொம்ப ஒட்டினா தள்ளும். விலகிப் போனா நடுவுல இருக்கிற எலக்ட்ரான் ஜோடி ரெண்டு கருவையும் இழுக்கும். 74 பிக்கோமீட்டர்ல நில்லு, அங்கதான் நம்ம ஆற்றல் ஆகக் குறைவு.

ஹைட்ரஜன் 1: இனி எங்களைப் பிரிக்கணும்னா மோலுக்கு 436 கிலோஜூல் எடுத்துட்டு வாங்க!

குளோரின்: உங்களுக்கு எட்டு வேணாமா?

ஹைட்ரஜன் 2: இருக்கிறதே ஒரு கூடு. ரெண்டுலயே நிறைஞ்சிடும்.

நியான்: எனக்கு இந்தத் தொல்லையே இல்ல. யாரோட சேர்ந்தாலும் என் ஆற்றல் குறையப் போறதில்ல.

சோடியம்: உங்க குடும்பத்துச் செனான் 1962-லயே சேர்மமாயிடுச்சே?

நியான்: (நெளிந்து) அவர் பெரிய உருவம். வெளிக்கூடு கருவை விட்டுத் தூரமா இருக்கு, பலமா இழுத்தா எலக்ட்ரான் அசைஞ்சு கொடுக்கும். நான் சின்ன ஆளு, என்னுதெல்லாம் கருவோட பிடிக்குள்ள.

ஃபுளூரின்: (திரைக்குப் பின்னாலிருந்து) நியான், ஒரு நிமிஷம் இப்படி வர்றியா?

நியான்: (நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு) நீ எவ்வளவு இழுத்தாலும் வரமாட்டேன்!

(திரை)