குடல் டிபியா, க்ரோன்ஸா? உங்க ஒப்பீனியன் வேணும் சார்

சார், வணக்கம். நல்லா இருக்கீங்களா? ஒரு பேஷன்ட் விஷயமா எழுதுறேன். இங்க நாங்க மூணு பேரும் மூணு திசையில நிக்கிறோம், யாராவது வெளிய இருந்து பார்த்துச் சொன்னாத்தான் நகரும் போல.

பையனுக்கு 27 வயசு, ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன், ஊர் சங்கரன்கோவில் பக்கம். எங்ககிட்ட வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியிருந்தே வலது அடிவயித்துல வலி, விட்டு விட்டு லூஸ் மோஷன், சாயங்காலம் லேசா காய்ச்சல், எடை 55ல இருந்து 46 கிலோ. ஹீமோகுளோபின் 9.4, ஆல்புமின் 3.1, சிஆர்பி 48, மான்டூ 14 மி.மீ. (நம்ம ஊர்ல அதை வச்சு என்ன முடிவு பண்றது), எச்ஐவி நெகட்டிவ், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம்.

சிடி என்டரோகிராஃபில டெர்மினல் இலியம் 8 செ.மீ. தடிச்சிருக்கு, அதுக்கு மேல கொஞ்சம் நல்ல குடல் விட்டு மிட் இலியத்துல இன்னொரு 4 செ.மீ., கோம்ப் சைன் தெளிவா இருக்கு, நோட்ஸ் 1.2 செ.மீ. வரைக்கும் இருக்கு ஆனா எதுலயும் நெக்ரோசிஸ் இல்ல. கொலோனோஸ்கோபில ஐசி வால்வ் சுருங்கியிருந்துச்சு, டிபில பார்க்கிற மாதிரி வாய் திறந்து கிடக்கல, அல்சர் சிலது குறுக்குவாட்டுல (இதுதான் எல்லாரையும் டிபி பக்கம் இழுத்துச்சு), ஆனா சிக்மாய்டுல ரெண்டு ஆப்தஸ் அல்சர். பயாப்ஸில சின்னச் சின்ன கிரானுலோமா, கேசியேஷன் இல்ல, ஏஎஃப்பி இல்ல, சிபிநாட் நெகட்டிவ், எம்ஜிஐடி 42 நாள் வச்சும் எதுவும் வளரல. பேத்தாலஜிஸ்ட் ரெண்டையும் எழுதி "கிளினிக்கலா கோரிலேட் பண்ணுங்க"ன்னு முடிச்சிட்டார், அவரைக் குறை சொல்றதுக்கும் இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி வெளிய ரெண்டு மூணு தடவை ஆஃப்லாக்ஸசின் ஆர்னிடசோல் சாப்பிட்டிருக்கான், லூஸ் மோஷன்னாலே இங்க அதுதானே. ஆஃப்லாக்ஸசின் டிபி கிருமியையும் அடிக்கும்கிறதால அந்த கல்ச்சர் நெகட்டிவ்வ நான் முழுசா நம்ப மாட்டேன்.

சரின்னு ஏடிடி ஆரம்பிச்சோம், எடைக்கு தகுந்த மாதிரி தினமும் 3 எஃப்டிசி மாத்திரை, ஒழுங்கா சாப்பிடுறான், அவங்கம்மா உக்காந்து குடுக்கிறாங்க. ரெண்டு மாசத்துல காய்ச்சல் போச்சு, 2 கிலோ ஏறுச்சு, சிஆர்பி 31க்கு வந்துச்சு. ஆனா ரெண்டாம் மாசக் கடைசியில ஸ்கோப் போட்டுப் பார்த்தா அல்சர் அப்படியேதான் இருக்கு, சிக்மாய்டுல கூட ஒண்ணு கூடியிருக்கு. அப்ப எடுத்த பயாப்ஸிலயும் சிபிநாட் நெகட்டிவ். இப்ப நாலாவது மாசம், எச்ஆர்இ ஓடுது, போன மாசம் ஒரு தடவை சப்அக்யூட் அப்ஸ்ட்ரக்ஷன்ல அட்மிட் ஆகி டிரிப், டியூபோட சரியாச்சு.

செஸ்ட் சார் சொல்றது, காய்ச்சல் போய் எடை ஏறியிருக்கு, மருந்து வேலை செய்யுது, நிறுத்தாதீங்க, 9 மாசம் குடுங்கன்னு. சர்ஜன் சொல்றது, அடைப்பு வந்தாச்சு, ரைட் ஹெமிகோலெக்டமி பண்ணிட்டா திசுவும் கிடைக்கும், அடைப்பும் போகும்னு. எனக்கு ரெண்டுமே ஒத்துவரல. க்ரோன்ஸ் பேஷன்டுக்கும் ஏடிடில கொஞ்ச நாள் நல்லா இருக்கிற மாதிரி தெரியும்னு நீங்களே ரவுண்ட்ஸ்ல எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, ஆறாத புண்ணுதான் பேசணும். டிபியா இருந்தா ஸ்ட்ரிக்சர் அப்படியே நின்னுடும், அது வேற, ஆனா ரெண்டு மாசத்துல புண்ணு மேல தோல் மூடியிருக்கணுமே. ஆபரேஷன்னா ரெண்டு இடத்துல நோய் இருக்கு, ஆல்புமின் இன்னும் 3.2 தான், இந்த நிலைமையில தையல் கசிஞ்சா யார் பார்க்கிறது.

நான் க்ரோன்ஸ்னுதான் சாயுறேன். ஆனா ஸ்டீராய்டு எழுத கை வரமாட்டேங்குது, ரெசிஸ்டன்ட் டிபியா இருந்து நான் அதுல ப்ரெட்னிசலோன் ஊத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஏடிடிய விடாம கூடவே ஸ்டீராய்டு குடுக்கலாம்னா ரிஃபாம்பிசின் அதை சீக்கிரம் வெளியேத்திடும், அப்புறம் பலன் இல்லன்னா நோயால இல்லையா டோஸால இல்லையான்னு குழப்பம்.

உங்ககிட்ட கேக்கிறது இதுதான் சார். மிட் இலியத்துல இருக்கிறத எங்க ஸ்கோப் தொட முடியல, உங்ககிட்ட பலூன் என்டரோஸ்கோபி இருக்கு, ஸ்ட்ரிக்சரைத் தாண்டிப் போய் ஆழமா பயாப்ஸி எடுத்து மறுபடி கல்ச்சர், ரெசிஸ்டன்ஸ் பார்க்கிறது பிரயோஜனமா, இல்ல இப்பவே ஏடிடிய நிறுத்தி க்ரோன்ஸா நடத்தலாமா? ஸ்லைடு, பிளாக் ரெண்டையும் உங்க பேத்தாலஜிஸ்ட் ஒரு தடவை பார்த்தா நல்லாருக்கும், கிரானுலோமா சைஸையும் அளக்கச் சொல்லுங்க. சிடியும் ரெண்டு ஸ்கோப் வீடியோவும் பென்டிரைவ்ல போட்டு ஸ்லைடோட கூரியர்ல அனுப்பிட்டேன்.

பையன்கிட்டயும் அவங்கப்பாகிட்டயும் உங்ககிட்ட கேக்கிறேன்னு சொல்லிட்டேன், வரச் சொன்னா ட்ரெயின் ஏறிடுவாங்க. நீங்க சொல்ற வரைக்கும் ஏடிடிய மாத்தல, சத்து பவுடர், மசிச்ச சாப்பாடுன்னு ஓடுது. மறுபடி அடைப்பு வந்தா சர்ஜன் கை ஓங்கிடும், அதனால இந்த வாரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க சார், ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்க பழைய ரெசிடென்ட், திருநெல்வேலி